ஆறாம் ஆண்டின் பங்கிலாபம்: இரு கட்ட வளர்ச்சியை வைத்து ஒரு பங்கைப் பெறுமதியிடல்

கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஓர் உணவு உற்பத்திக் கம்பனியை உதாரணத்துக்காக எடுத்துக்கொள்வோம். கம்பனியும் அதன் எண்களும் கற்பனையே. கடந்த நிதியாண்டில் அதன் பங்கொன்றுக்கான வருவாய் 20 ரூபா. அதில் 8 ரூபாவைப் பங்கிலாபமாகக் கொடுத்துவிட்டு 12 ரூபாவைத் தொழிலுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு வருவாயும் பங்கிலாபமும் ஆண்டுக்கு 12 சதவீதம் வளரும் என்றும், அதன் பின் வளர்ச்சி 7 சதவீதத்துக்கு இறங்கி அங்கேயே நிலைக்கும் என்றும், இப்பங்கை வாங்குபவர் ஆண்டுக்கு 16 சதவீத ஆதாயத்தை எதிர்பார்க்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். இந்த எடுகோள்களை அப்படியே ஏற்றுக்கொண்ட இருவர் தனித்தனியே கணக்கிட்டு, ஒருவர் பங்கின் பெறுமதி 116 ரூபா என்றும் மற்றவர் 156 ரூபா என்றும் விடை தரலாம். இருவரது கூட்டல் பெருக்கலிலும் பிழை இல்லை. 40 ரூபா வித்தியாசம் முழுவதும் ஒரேயொரு எண்ணிலிருந்து வருகிறது: ஆறாம் ஆண்டின் பங்கிலாபம்.

முறையின் அடிப்படை எளிமையானது. பங்கொன்றை என்றென்றைக்கும் வைத்திருப்பவருக்குக் கிடைப்பது பங்கிலாபம் மட்டுமே. ஆகவே எதிர்பார்க்கும் ஆதாய வீதத்தைக் கழிவு வீதமாக வைத்து, எதிர்காலப் பங்கிலாபங்கள் யாவற்றையும் இன்றைய பெறுமதிக்குக் கழிவிட்டுக் கூட்டினால் வருவதே பங்கின் பெறுமதி. 1938இல் அமெரிக்கரான ஜோன் பர் வில்லியம்ஸ் இதை முறைப்படி வகுத்தார். பங்கிலாபம் ஒரே வேகத்தில் முடிவின்றி வளர்ந்தால், அந்த முடிவிலாக் கூட்டலை அடுத்த ஆண்டின் பங்கிலாபத்தைக் கழிவு வீதத்துக்கும் வளர்ச்சி வீதத்துக்கும் இடையிலான வித்தியாசத்தால் வகுப்பதாகச் சுருக்கிவிடலாம். மைரன் கோர்டன் பெயரால் இன்று அறியப்படும் சூத்திரம் அதுதான். ஆனால் 12 சதவீதத்தில் வளரும் கம்பனி எல்லாக் காலத்துக்கும் அப்படி வளர முடியாது. அவ்வாறு வளர்ந்தால் ஒரு நாள் அது நாட்டின் பொருளாதாரத்தையே விஞ்சிவிடும். அதனால்தான் வேகமான சில ஆண்டுகளைத் தனித்தனியாகவும், அதன் பின்னுள்ள காலம் முழுவதையும் கோர்டன் சூத்திரத்தாலும் கணக்கிடும் இரு கட்ட முறை பயன்படுகிறது.

```
V  = D1/(1+r) + D2/(1+r)^2 + ... + D5/(1+r)^5 + P5/(1+r)^5
P5 = D6/(r - g)
```

இதில் V என்பது பங்கின் இன்றைய பெறுமதி; D1, D2 முதலியன அந்தந்த ஆண்டின் பங்கிலாபம்; r என்பது எதிர்பார்க்கும் ஆதாய வீதம்; g என்பது இரண்டாம் கட்ட வளர்ச்சி வீதம்; P5 என்பது ஐந்தாம் ஆண்டு முடிவில் பங்குக்கு இருக்கவேண்டிய பெறுமதி. P5ஐ முடிவுப் பெறுமதி என்போம்.

முதற் கட்டத்தில் சிக்கல் எதுவும் இல்லை. 8 ரூபாவாக இருந்த பங்கிலாபம் முதலாம் ஆண்டில் 8.96 ரூபாவாகி, ஐந்தாம் ஆண்டில் 14.10 ரூபாவை எட்டுகிறது. 16 சதவீதத்தில் கழிவிட்டால் இவற்றின் இன்றைய பெறுமதிகள் முறையே 7.72, 7.46, 7.20, 6.95, 6.71 ரூபா, மொத்தம் ஏறத்தாழ 36 ரூபா. பங்கிலாபம் ஆண்டுதோறும் கூடினாலும் அதன் இன்றைய பெறுமதி குறைந்துகொண்டே போவதற்குக் காரணம், வளர்ச்சியைவிடக் கழிவு வீதம் கூடுதலாக இருப்பதே.

இனி ஆறாம் ஆண்டு. முதலாமவர் ஐந்தாம் ஆண்டின் 14.10 ரூபாவை 7 சதவீதத்தால் உயர்த்தி, ஆறாம் ஆண்டுப் பங்கிலாபம் 15.09 ரூபா என்று எழுதுகிறார். அதை 16க்கும் 7க்கும் இடையிலான 9 சதவீதத்தால் வகுத்தால் முடிவுப் பெறுமதி 167.62 ரூபா, ஐந்து ஆண்டுகளுக்குக் கழிவிட்டால் 79.81 ரூபா. முதற் கட்டத்தின் 36 ரூபாவைச் சேர்த்தால் 116 ரூபா வருகிறது. பாடப்புத்தகப் பயிற்சிகள் பலவும் இப்படியே செய்யப்படுவதால் இது இயல்பானதாகத் தோன்றுகிறது. ஆனால் இந்தக் கணக்கு தன்னையறியாமல் எதைச் சொல்கிறது என்று பார்க்கவேண்டும்.

கம்பனி ஏன் வளர்கிறது? இலாபத்தில் ஒரு பகுதியைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, அதைப் புதிய இயந்திரத்திலும் களஞ்சியத்திலும் வாகனத்திலும் இட்டு, அதிலிருந்து மேலதிக இலாபம் ஈட்டுவதால்தான். வைத்துக்கொள்ளும் பங்கை, புதிய முதலீட்டில் கிடைக்கும் ஆதாய வீதத்தால் பெருக்கினால் வளர்ச்சி வீதம் வரும். நமது கம்பனி 60 சதவீதத்தை வைத்துக்கொள்கிறது. புதிய முதலீட்டில் 20 சதவீதம் ஈட்டுகிறது. ஆகவே 12 சதவீதம் வளர்கிறது. முதற் கட்டத்தில் எல்லாம் பொருந்துகிறது.

இரண்டாம் கட்டத்தில் வளர்ச்சி 7 சதவீதம் மட்டுமே. அப்போதும் கம்பனி இலாபத்தின் 60 சதவீதத்தை வைத்துக்கொள்வதாக முதலாமவரின் கணக்கு கருதுகிறது, ஏனெனில் பங்கிலாபத்தின் விகிதத்தை அவர் 40 சதவீதத்திலேயே விட்டுவிட்டார். இலாபத்தில் 60 சதவீதத்தை மறுமுதலீடு செய்தும் 7 சதவீத வளர்ச்சியே கிடைக்கிறதென்றால், புதிய முதலீடு ஒவ்வொன்றும் 11.7 சதவீதம் மட்டுமே ஈட்டுகிறது என்று பொருள். பங்குதாரர் எதிர்பார்ப்பதோ 16 சதவீதம். 16 சதவீதம் கேட்பவரின் பணத்தை 11.7 சதவீதம் தரும் வேலைகளில் முடிவின்றிக் கொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு நிர்வாகத்தை அவர் எண்ணாமலே கற்பனை செய்திருக்கிறார். அத்தகைய நிர்வாகங்கள் உலகில் இல்லாமலில்லை. ஆனால் அது எடுகோள் என்றால் வெளிப்படையாகச் சொல்லப்படவேண்டும். விரிதாளின் ஒரு கட்டத்தை அடுத்த கட்டத்துக்கு இழுத்ததன் விளைவாக இருக்கக்கூடாது.

இரண்டாமவர் பங்கிலாபத்தைத் தொடாமல் வருவாயிலிருந்து தொடங்குகிறார். 20 ரூபா வருவாய் ஐந்து ஆண்டுகளில் 35.25 ரூபாவாகிறது, ஆறாம் ஆண்டில் 7 சதவீதம் கூடி 37.71 ரூபாவாகிறது. முதிர்ந்த நிலையில் புதிய முதலீட்டின் ஆதாயம் 20இலிருந்து 17.5 சதவீதமாகக் குறையும் என்று அவர் மதிப்பிடுகிறார். போட்டியாளர் வந்து சேர்வதும், இலகுவான சந்தைகள் முதலிலேயே தீர்ந்துவிடுவதும் அதற்குக் காரணம். 7 சதவீத வளர்ச்சிக்கு 17.5 சதவீத ஆதாயத்தில் இலாபத்தின் 40 சதவீதத்தை வைத்துக்கொண்டால் போதும்; எஞ்சிய 60 சதவீதத்தைப் பங்கிட்டுவிடலாம். ஆறாம் ஆண்டுப் பங்கிலாபம் 22.63 ரூபா. முடிவுப் பெறுமதி 251.43 ரூபா, அதன் இன்றைய பெறுமதி 119.71 ரூபா, மொத்தம் 156 ரூபா.

ஐந்தாம் ஆண்டில் 14.10 ரூபாவாக இருந்த பங்கிலாபம் ஆறாம் ஆண்டில் 22.63 ரூபாவுக்குத் தாவுவது கண்ணை உறுத்தலாம். வளர்ச்சி ஒரே இரவில் 12இலிருந்து 7க்கு இறங்குவது எவ்வளவு செயற்கையோ அவ்வளவே இதுவும் செயற்கை. ஒன்றை ஏற்பவர் மற்றதையும் ஏற்கவேண்டும். தாவலை விரும்பாதவர் இடையில் மூன்று நான்கு ஆண்டுகளை வைத்து, வளர்ச்சியைப் படிப்படியாக இறக்கிப் பங்கீட்டு விகிதத்தைப் படிப்படியாக உயர்த்தலாம். ஃபுல்லர், ஷியா என்ற இருவர் 1984இல் முன்வைத்த எச் மாதிரி வளர்ச்சியின் படிப்படியான இறக்கத்தை ஒரே சூத்திரத்தில் அடக்குகிறது. ஆனால் பங்கீட்டு விகிதத்தை அது மாறாததாகக் கொள்வதால், இங்கே பேசும் குறையை அது தீர்ப்பதில்லை.

156 ரூபாவில் ஏறத்தாழ 77 சதவீதம் முடிவுப் பெறுமதியிலிருந்து வருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். ஐந்தாண்டு வளர்ச்சி 12ஆ 13ஆ என்று நீண்ட நேரம் விவாதித்துவிட்டு, இரண்டாம் கட்டத்தை ஒரு வரியில் முடிப்பது பொதுவான பழக்கம். பெறுமதி கிடக்கும் இடமோ அந்த ஒரு வரி. அங்கே நேரும் இன்னொரு பிழையும் சிறியதல்ல: சூத்திரத்தில் ஆறாம் ஆண்டின் பங்கிலாபம் இருப்பதால் முடிவுப் பெறுமதியையும் ஆறு ஆண்டுகளுக்குக் கழிவிட்டுவிடுவார்கள். அந்தச் சூத்திரம் ஓராண்டு முந்திய பெறுமதியையே தருகிறது. ஆகவே கழிவிடவேண்டியது ஐந்து ஆண்டுகளுக்கு. தவறினால் நமது உதாரணத்தில் 16 ரூபாவுக்கு மேல் காணாமற்போகும்.

வளர்ச்சியைப் பங்கீட்டோடு கட்டிவைத்தால் இன்னொரு உண்மையும் வெளிப்படுகிறது. நீண்டகால வளர்ச்சியை 7க்குப் பதிலாக 8 சதவீதம் என்று வைத்து, பங்கீட்டை 60 சதவீதத்திலேயே விட்டுவிட்டால் பெறுமதி 172 ரூபாவாகிறது. ஒரு சதவீத நம்பிக்கைக்கு 16 ரூபா கூலி கிடைத்தாற்போல் இருக்கும். ஆனால் 17.5 சதவீத ஆதாயத்தில் 8 சதவீதம் வளர இலாபத்தின் 45.7 சதவீதத்தை வைத்துக்கொள்ளவேண்டும், பங்கீடு 54.3 சதவீதமாகச் சுருங்கும். அப்போது பெறுமதி 159 ரூபா. கூடியது 3 ரூபா மட்டுமே. புதிய முதலீட்டின் ஆதாயம் பங்குதாரரின் எதிர்பார்ப்பைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும்போது, மேலதிக வளர்ச்சி சற்றே பெறுமதியைத் தரும். எதிர்பார்ப்புக்குக் கீழே போனால், கூடுதல் வளர்ச்சி பெறுமதியைத் தின்னத் தொடங்கும். நிர்வாகங்கள் ஆண்டறிக்கைகளில் வளர்ச்சியைக் கொண்டாடும் அளவுக்கு இந்த ஒப்பீட்டைச் சொல்வதில்லை என்பது என் அவதானிப்பு.

7 சதவீதம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நியாயமானது. இலங்கை மத்திய வங்கியின் பணவீக்க இலக்கு 5 சதவீதம். அதன் மேல் 2 சதவீத உண்மை வளர்ச்சியைச் சேர்த்தேன். முடிவிலாக் காலத்துக்கு இதைவிடத் துணிச்சலாக எண்ணக் காரணம் தெரியவில்லை. 16 சதவீதத்தில், நீண்டகாலத் திறைசேரி முறிக்கு 10 சதவீதத்தையும் பங்கின் ஆபத்துக்கு 6 சதவீதத்தையும் உதாரணத்துக்காக வைத்தேன். வளர்ச்சி வீதம், கழிவு வீதம் இரண்டும் ரூபாவில், பணவீக்கத்தை உள்ளடக்கிய வீதங்கள் என்பதே முக்கியம். ஒரு வீதத்தில் பணவீக்கத்தைச் சேர்த்து மறுவீதத்தில் விட்டுவிட்டால் விடைக்கு அர்த்தமில்லை.

2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்த முறையைப் பயன்படுத்தியவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்காக இருக்கவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தை ஒட்டியும் தாண்டியும் நின்றது. அன்றைய உண்டியல் வட்டியை எடுத்து ஆபத்துக்கு 5 சதவீதம் சேர்த்து, 35 சதவீதத்தை எல்லாக் காலத்துக்கும் கழிவு வீதமாக வைத்து, வளர்ச்சியை மட்டும் அமைதிக்காலத்துக்குரிய 12, 7 என்று விட்டால், நமது பங்கின் பெறுமதி 42 ரூபாவாகச் சரியும். அது ஓராண்டு வருவாயின் இரு மடங்கு. நெருக்கடிக்கால வட்டியும் அமைதிக்கால வளர்ச்சியும் ஒரே வகுத்தலுக்குள் என்றென்றைக்கும் சேர்ந்திருக்க முடியாது. அத்தகைய காலத்தில் முதல் ஓரிரு ஆண்டுகளை உயர்ந்த வீதத்தாலும் பின்வரும் ஆண்டுகளைப் படிப்படியாகத் தாழ்ந்த வீதங்களாலும் கழிவிடுவதே முறை. முடிவுப் பெறுமதியில் நீண்டகால வீதம் மட்டுமே நிற்கவேண்டும்.

சாதாரண காலத்திலும் கழிவு வீதம் கடுமையாகவே ஆட்டுவிக்கும். மற்ற எல்லாவற்றையும் மாற்றாமல் 16ஐ 14ஆக்கினால் பெறுமதி 206 ரூபா. 18ஆக்கினால் 124 ரூபா. வகுக்கும் எண் 7 சதவீதத்துக்கும் 11 சதவீதத்துக்கும் இடையில் ஊசலாடுவதே காரணம். ஆகவே 156 ரூபா என்ற விடையை ரூபாவுக்குப் பின்னுள்ள சதக்கணக்கோடு எழுதுவது வீண்.

கொழும்புச் சந்தையில் தொடக்க எண்ணையும் எச்சரிக்கையோடு எடுக்கவேண்டும். சில வங்கிகள் பங்கிலாபத்தின் ஒரு பகுதியைக் காசாகவும் மறுபகுதியைப் புதிய பங்குகளாகவும் கொடுக்கின்றன. பங்காகக் கொடுப்பது வங்கியை விட்டு வெளியேறும் பணமல்ல. அதைப் பங்கிலாபமாகக் கணக்கில் சேர்த்தால், வைத்துக்கொண்ட பணத்தையே கொடுத்த பணமாக எண்ணியதாகும். அதோடு பங்குகளின் எண்ணிக்கை கூடுவதால், முந்திய ஆண்டுகளின் பங்கொன்றுக்கான எண்களையும் அதற்கேற்பத் திருத்தாவிட்டால் வளர்ச்சி வீதம் குறைவாகத் தெரியும். பங்குப் பிரிப்புக்கும் இது பொருந்தும். சொத்தொன்றை விற்றுக் கொடுத்த சிறப்புப் பங்கிலாபத்தை 12 சதவீதத்தால் வளர்ப்பது அதைவிட மோசமான பிழை. சிலர் வாக்குரிமையற்ற பங்குகளைப் பற்றியும் கேட்பதுண்டு: பங்கிலாபம் ஒன்றாகவே இருக்கும்போது இந்த முறை இரு வகைப் பங்குக்கும் ஒரே பெறுமதியைத் தரும். சந்தையோ வாக்குரிமையற்ற பங்கைப் பெரும்பாலும் குறைந்த விலைக்கே கைமாற்றுகிறது. வாக்குரிமைக்கும் இலகுவாக விற்கக்கூடிய தன்மைக்கும் சூத்திரத்தில் இடமில்லை.

கணக்கை முடித்தபின் விடையை நம்பலாமா என்று பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. முடிவுப் பெறுமதியை ஆறாம் ஆண்டு வருவாயால் வகுத்துப் பாருங்கள். இரண்டாமவரின் கணக்கில் அது 6.7 மடங்கு, முதலாமவரின் கணக்கில் 4.4 மடங்கு. ஐந்து ஆண்டுகளின் பின் முதிர்ந்த, இலாபம் தரும் ஓர் உணவுக் கம்பனியை இந்த மடங்கில் சந்தை வாங்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். விடை 15 அல்லது 20 மடங்காக வந்தால், வளர்ச்சியும் கழிவு வீதமும் ஒன்றையொன்று மிக நெருங்கிவிட்டன என்று அறியலாம்.

எனக்கு அதிகம் பயன்படுவது கணக்கைத் தலைகீழாக்குவதே. பங்கு இன்று 130 ரூபாவுக்கு விற்கிறது என்று கொள்வோம். முதற் கட்டத்தின் 36 ரூபாவைக் கழித்தால், முடிவுப் பெறுமதியின் இன்றைய பெறுமதியாக 94 ரூபா எஞ்சுகிறது. அதை ஐந்தாண்டு முன்னோக்கிக் கொண்டுபோய் 9 சதவீதத்தால் பெருக்கினால், ஆறாம் ஆண்டில் 17.76 ரூபா பங்கிலாபத்தையே சந்தை எதிர்பார்க்கிறது என்று தெரிகிறது. அது வருவாயில் 47 சதவீதம். எஞ்சிய 53 சதவீதத்தை இட்டு 7 சதவீதம் வளர்வதென்றால், புதிய முதலீட்டின் ஆதாயம் 13.2 சதவீதம். அதாவது 130 ரூபா விலையில், முதிர்ந்த பின் இக்கம்பனி பங்குதாரர் கேட்கும் 16 சதவீதத்தைக்கூட ஈட்டாது என்று சந்தை சொல்கிறது.

இதை ஆண்டறிக்கையோடு ஒப்பிடலாம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பங்கொன்றுக்கான வருவாய் 11.35 ரூபா, இன்று 20 ரூபா, உயர்வு 8.65 ரூபா. அந்த உயர்வைத் தந்த ஐந்து ஆண்டுகளில் பங்கொன்றுக்கு வைத்துக்கொண்ட மொத்தம் 43.26 ரூபா. ஒன்றை மற்றதால் வகுத்தால் 20 சதவீதம். 13.2 என்று சொல்லும் சந்தை தவறு என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் 2022 போன்ற ஆண்டு ஒன்று இருந்தால், பழைய விலைக்கு வாங்கிய மூலப்பொருளைப் புதிய விலைக்கு விற்றதால் வந்த இலாபமும் உயர்வுக்குள் கலந்திருக்கும். அதே அளவு இருப்பை மீண்டும் நிரப்புவதற்கே வைத்துக்கொண்ட பணத்தில் பெரும்பகுதி போயிருக்கும். எனவே விற்பனைத் தொகையோடு விற்ற அளவையும் வெளியிடும் கம்பனிகளில் அளவு எவ்வளவு கூடியது என்பதைப் பார்த்து, நெருக்கடிக்கு முந்திய ஆண்டுகளையும் பிந்திய ஆண்டுகளையும் தனித்தனியே வகுத்துப் பார்த்த பின்னரே 20க்கும் 13.2க்கும் இடையில் எங்கே நிற்பது என்று தீர்மானிக்க முடியும். அந்த இடம் 17.5 என்றால் பெறுமதி 156 ரூபா; 16 என்றால் 148 ரூபா.